காதல் கேள்விக்கு டாரட்: கையில இருக்கிற டெக்கா, ஃபோன் ஆப்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்ல வர்ற கார்டுக்கும் கையால எடுக்கிற கார்டுக்கும் ஒரே வெயிட் தானா?

கார்டு வந்து விழுற விதத்தை மட்டும் பார்த்தா ஒரே வெயிட் தான், சொல்லப்போனா ஒழுங்கா எழுதின ஆப் நம்ம கையை விட நல்லாவே கலைக்கும். ஆனா காதல் கேள்வியில வெயிட் குறையுற இடம் வேற. பிடிக்கலைன்னா மறுபடி எடுக்க கையில ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், ஆப்ல ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது. கீழ நான் சொல்ற பாதி விஷயம் இந்த ஒரு தட்டைப் பத்தினது தான்.

ஆப் எப்படி கார்டு "எடுக்குது"? உள்ள என்ன நடக்குது?

உள்ள கார்டும் இல்ல ஒண்ணும் இல்ல, 78 எண்கள் வரிசையா இருக்கும். 22 மேஜர் ஆர்கானா, அப்புறம் கப்ஸ், ஸ்வோர்ட்ஸ், வாண்ட்ஸ், பென்டக்கிள்ஸ்னு நாலு குடும்பம், குடும்பத்துக்கு 14, மொத்தம் 56 மைனர். ப்ரோக்ராம் கடைசி இடத்துல இருக்கிற கார்டை, அதையும் சேத்து இன்னும் இடம் முடிவாகாத கார்டுங்கள்லேர்ந்து குத்துமதிப்பா பொறுக்கின ஏதோ ஒரு கார்டோட இடம் மாத்தும், அப்புறம் அதுக்கு முந்தின இடம், அதுக்கும் முந்தினதுன்னு முதல் இடம் வரைக்கும் வரும். இதுக்கு ஃபிஷர்-யேட்ஸ் ஷஃபிள்னு பேரு, 1938லயே பேப்பர் பென்சில் வச்சு செய்யுற மாதிரி எழுதி வச்ச முறை தான் இது. இதை சரியா செஞ்சா எந்த கார்டு எந்த இடத்துக்கு வர்றதுக்கும் சம வாய்ப்பு.

அந்த "குத்துமதிப்பு" எங்கிருந்து வருதுன்னு கேப்பீங்க. ஒரு தொடக்க எண்ணை வச்சு கணக்கு போட்டு அடுத்தடுத்த எண்ணை உருவாக்குது, அவ்ளோதான். அந்த தொடக்க எண்ணுக்கு ஃபோன் தனக்குள்ள நடக்கிற சின்னச் சின்ன நேர வித்தியாசங்களை எல்லாம் சேர்த்து வச்சிருக்கும். நீங்க எந்த நொடியில தட்டினீங்கங்கறதும் பல நேரம் ரிசல்ட்டை மாத்தும், அரை நொடி தள்ளி தட்டியிருந்தா வேற கார்டு வந்திருக்கலாம்.

இன்னொரு விஷயம், சிலருக்கு இது கடுப்பாகும். கார்டை எல்லாம் விசிறி மாதிரி விரிச்சு காட்டி "உள்ளுணர்வு சொல்றதை தொடுங்க"ன்னு சொல்ற ஆப்ல சிலது, நீங்க எதை தொட்டாலும் ஏற்கனவே முடிவு பண்ணி வச்ச கார்டை தான் திருப்பி காட்டும். வாய்ப்பு கணக்குல எந்த வித்தியாசமும் வராது, ஆனா "நான் தானே தேர்ந்தெடுத்தேன்"ங்கற ஃபீலிங் வெறும் அலங்காரம் தான்.

அப்போ நான் கையால கலைக்கிறது தானே உண்மையான ரேண்டம்?

மன்னிச்சுக்கோங்க, பெரும்பாலும் இல்ல.

டாரட் கார்டு பெருசு. 1909ல வந்த, இப்போ எல்லாரும் பாக்குற ரைடர்-வெயிட்-ஸ்மித் டெக்கோட வழக்கமான சைஸ் கிட்டத்தட்ட 70க்கு 120 மில்லிமீட்டர், சாதாரண சீட்டை விட நல்லா நீளம். அதனால ரெண்டா பிரிச்சு கட்டைவிரலால சரசரன்னு பின்னி விடுறது பலருக்கு வராது, கார்டு வளைஞ்சிடுமோன்னு பயம் வேற. ஒரு கையில பிடிச்சுகிட்டு இன்னொரு கைக்கு கொத்து கொத்தா தள்ளுவாங்க. இந்த கொத்து முறை ரொம்ப மெதுவா தான் கலைக்கும், ஏன்னா ஒரே கொத்துல இருக்கிற கார்டுங்க ஒண்ணா தான் போய் ஒண்ணா தான் உக்காரும்.

பின்னி விடுற முறையை பத்தி 1992ல டேவ் பேயர், பெர்சி டயக்கோனிஸ்னு ரெண்டு கணித ஆளுங்க கணக்கு போட்டு சொன்னாங்க, 52 சீட்டுக்கு ஏழு தடவை பின்னினா போதுமான அளவு கலையும்னு. அதே கணக்கை 78க்கு போட்டா எட்டு தடவை வரும். கொத்து முறைக்கு அந்த மாதிரி கைக்கு அடங்குற நம்பரே கிடையாது, ஆயிரக்கணக்குல போகும். நாம யாரும் அவ்ளோ நேரம் உக்காந்து கலைக்கிறதில்ல, ஏழெட்டு தள்ளு தள்ளிட்டு கட்டை வெட்டி எடுத்துடறோம்.

இதை வீட்லயே பாத்துக்கலாம். கட்டுக்கு மேல தெரிஞ்ச மூணு கார்டை வைங்க, லவ்வர்ஸ், டவர், மூன் கார்டுன்னு வச்சுக்கோங்க, நீங்க வழக்கமா எவ்ளோ கலைப்பீங்களோ அவ்ளோ கலைச்சுட்டு கட்டை திருப்பி பாருங்க. அந்த மூணும் பக்கத்துல பக்கத்துலயே இருந்தா உங்க கலைப்பு பத்தல. நான் முதல் தடவை பாத்தப்போ லவ்வர்ஸும் டவரும் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, நடுவுல ஒரே ஒரு கார்டு கூட நுழையல, அது வரைக்கும் எத்தனை பேருக்கு அந்த ரெண்டையும் சேத்து "காதல்ல இடி விழப் போகுது"ன்னு சொல்லியிருப்பேனோ தெரியல.

புது டெக்கா இருந்தா இன்னும் மோசம், பெட்டியிலேர்ந்து வரிசையா வரும், அரைகுறையா கலைச்சா கப்ஸ் எல்லாம் ஒரே இடத்துல கும்பலா நிக்கும். அந்த இடத்துல கட்டை வெட்டிட்டீங்கன்னா மூணு கார்டும் கப்ஸ், உடனே காதல் பொங்கி வழியுதுன்னு சந்தோஷம். வழிஞ்சது ஃபேக்டரி வரிசை தான்.

இதுக்கு சுலபமான வழி, எல்லா கார்டையும் கவுத்து மேஜையில பரப்பி ரெண்டு கையாலயும் ஒரு நிமிஷம் நல்லா குழப்பி விட்டு அப்புறம் சேத்து எடுக்கிறது. கார்டும் வளையாது, நல்லாவும் கலையும்.

ஆப்ல ஒரே கார்டு என்னை துரத்துது. இது மெசேஜ் தானே?

தினம் ஒரு கார்டு எடுக்கிறீங்கன்னு வைங்க. ஒவ்வொரு நாளும் 78ம் முழுசா உள்ள இருக்கு. பதினோரு நாள்ல ஏதாவது ஒரு கார்டு ரெண்டாவது தடவை வர்றதுக்கான வாய்ப்பு பாதிக்கும் கொஞ்சம் மேல, சுமார் 52 சதவீதம். நம்பவே மாட்டீங்க, ஆனா பிறந்தநாள் புதிர் தெரிஞ்சவங்களுக்கு இது அதே கணக்குன்னு புரியும். ஒரு மாசம் எடுத்தா ரிப்பீட் வராம இருந்தா தான் ஆச்சரியப்படணும்.

கையில இருக்கிற டெக்ல இதே துரத்தல் வந்தா காரணம் பெரும்பாலும் வேற: நேத்து எடுத்த மூணு கார்டை கட்டு மேலயே வச்சு மூடியிருப்பீங்க, இன்னிக்கு அரைகுறையா கலைச்சிருப்பீங்க. இல்லன்னா அந்த கார்டு லேசா வளைஞ்சோ ஓரம் தேஞ்சோ இருக்கும், கலைக்கும்போது அது தான் தாவி விழும். ஜம்பர் கார்டு ஜம்பர் கார்டுன்னு கொண்டாடுறதுக்கு முன்னாடி ஓரத்தை தடவி பாருங்க.

வந்த கார்டை வச்சு யோசிக்க வேண்டாம்னு நான் சொல்லல. ரெண்டு தடவை வந்துச்சுங்கறதுக்காக ரெண்டு மடங்கு பயப்பட வேண்டாம்.

பிடிக்காத கார்டு வந்தா மறுபடி ஒரு தடவை தட்டலாமா? ஒரே ஒரு தடவை?

இங்க தான் விஷயமே இருக்கு, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

ஒருத்தங்க என்கிட்ட வந்தாங்க, பேர் வேண்டாம். பழகிட்டு இருந்த ஆள் மூணு வாரமா மெசேஜ் பண்ணல. "அவன் திரும்ப பேசுவானா?"ன்னு ராத்திரி ஒரு மணிக்கு ஆப்ல மூணு கார்டு எடுத்திருக்காங்க, பிடிக்கல, மறுபடி எடுத்திருக்காங்க. எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் வச்சிருந்தாங்க, எண்ணிப் பாத்தா பதினாலு. பதினாலாவதுல டூ ஆஃப் கப்ஸ் வந்திருக்கு, ரெண்டு பேர் கோப்பையோட எதிரெதிரா நிக்கிற அந்த கார்டு, அதோட நிறுத்திட்டு தூங்கிட்டாங்க. காலையில என்கிட்ட அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் தான் முதல்ல காட்டினாங்க. மத்த பதிமூணும் கேலரியை தள்ளும்போது தானா வெளிய வந்துச்சு.

நான் கேட்டேன், எந்தெந்த கார்டு வந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பீங்க? டூ ஆஃப் கப்ஸ், லவ்வர்ஸ், டென் ஆஃப் கப்ஸ்னாங்க. சரி, மூணு நல்ல கார்டு. மூணு கார்டு எடுக்கும்போது அதுல ஒண்ணாவது வர்றதுக்கு வாய்ப்பு சுமார் 11 சதவீதம், அதாவது ஒன்பதுக்கு ஒண்ணு. ஆறு தடவை தட்டினா அது 51 ஆகிடும், பாதிக்குப் பாதி. பதினாலு தடவைக்கு 81. ஆக அந்த ராத்திரி அவங்களுக்கு நல்ல கார்டு கிடைச்சது அதிசயமே இல்ல, கிடைக்காம போயிருந்தா தான் துரதிர்ஷ்டம். அவனை பத்தி அது எதுவும் சொல்லல, இவங்க எவ்ளோ நேரம் தட்டிக்கிட்டு இருந்தாங்கங்கறதை தான் சொல்லுச்சு.

அதை சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "அப்போ அந்த பதிமூணும் பொய்யா?"ன்னு கேட்டாங்க. பொய் இல்ல, படிக்கவே இல்லையே. ஒவ்வொண்ணையும் எத்தனை நொடி பாத்தீங்கன்னு கேட்டேன், சிரிச்சிட்டாங்க.

அப்புறம் டெக்கை எடுத்தோம். கேள்வியை மாத்த சொன்னேன், ஏன்னா அவன் பேசுவானா மாட்டானாங்கறது அவன் கையில இருக்கு, இன்னொருத்தர் மனசுல என்ன ஓடுதுன்னு டெக்கும் காட்டாது, ஆப்பும் காட்டாது. "இந்த மூணு வாரமா நான் எதை பிடிச்சுகிட்டு உக்காந்திருக்கேன்?"ன்னு ஒரு பேப்பர்ல எழுதினாங்க. மேஜையில பரப்பி குழப்பினோம், மூணு எடுத்தாங்க. ஃபோர் ஆஃப் கப்ஸ், டூ ஆஃப் ஸ்வோர்ட்ஸ், எய்ட் ஆஃப் கப்ஸ்.

ஃபோர் ஆஃப் கப்ஸ்ல ஒருத்தன் மரத்தடியில கையை கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான், முன்னாடி மூணு கோப்பை, மேகத்துலேர்ந்து ஒரு கை நாலாவதை நீட்டுது, அவன் பாக்க மாட்டான். பாத்ததும் அவங்களே சொன்னாங்க, "என் ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டா கூட நான் போறதில்ல". டூ ஆஃப் ஸ்வோர்ட்ஸ்ல கண்ணை கட்டிக்கிட்டு நெஞ்சு முன்னாடி ரெண்டு வாளை குறுக்கா பிடிச்சிருக்கிற பொண்ணு. அதுக்கு அவங்க ஒண்ணும் சொல்லல, ரொம்ப நேரம் பாத்தாங்க. எய்ட் ஆஃப் கப்ஸ்ல அடுக்கி வச்ச எட்டு கோப்பையை விட்டுட்டு ஒருத்தன் முதுகை காட்டிட்டு நடந்து போறான். மேல் வரிசையில ஒரு கோப்பை வைக்கிற அளவுக்கு இடைவெளி இருக்கும், அதை விரலால தொட்டு "இது இல்லாம தான் மத்த எதுவும் போதலையா"ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லல, அது என்னை கேட்ட கேள்வி இல்ல.

ஆக உங்க கேள்விக்கு பதில்: தட்டக்கூடாது. ஒரே ஒரு தடவை கூட.

அது டெக்ல எடுத்ததால தானே அப்படி ஒர்க் ஆச்சு? ஆப்ல அது வந்திருக்குமா?

இதே சந்தேகம் எனக்கும் வந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு அதே ஆளு, அதே ஆப், ஆனா வேற மாதிரி எடுத்தோம். கேள்வியை முதல்ல பேப்பர்ல எழுதி, ஃபோனை கவுத்து வச்சு, ரெண்டு நிமிஷம் சும்மா உக்காந்து, ஒரு தடவை தட்டி, விளக்கம் எழுதியிருக்கிற பகுதியை கையால மறைச்சுகிட்டு படத்தை மட்டும் பாத்தாங்க. நைட் ஆஃப் கப்ஸ் வந்துச்சு. குதிரை மெதுவா நடந்து வர்றதை பாத்துட்டு "இவன் அவசரப்படல, நான் தான் அவசரப்படறேன்"னாங்க. டெக்ல கிடைச்ச அதே ஆழம் தான்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்மையிலேயே இருந்துச்சு. ஃபோன்ல கார்டு கட்டைவிரல் சைஸ், கீழ ஒரு பத்தி ரெடிமேட் விளக்கம். கண்ணு படத்தை விட்டுட்டு நேரா எழுத்துக்கு தான் ஓடும். "விரைவில் ஒரு காதல் அழைப்பு வரும்"னு அதுல எழுதியிருந்தா முடிஞ்சுது, அதுக்கப்புறம் குதிரையாவது நடையாவது. அதனால படத்தை பெருசாக்கி பாருங்க, விளக்கத்தை கடைசியா படிங்க.

என் எனர்ஜி கார்டுக்குள்ள போகணும்னு சொல்றாங்களே, ஃபோனுக்குள்ள எப்படி போகும்?

எனர்ஜி காகிதத்துக்குள்ள போகுதுன்னு காட்ட என்கிட்ட எந்த ஆதாரமும் இல்ல, அதனால கண்ணாடி ஸ்கிரீன்ல போகாதுன்னு சண்டை போடவும் வழியில்ல. ஆனா இதை சொல்றவங்க நிறைய பேர் கூடவே சிங்க்ரோனிசிட்டி பத்தியும் பேசுவாங்க, காரண காரியம் இல்லாம அர்த்தத்தால மட்டும் ரெண்டு விஷயம் ஒண்ணு சேருதுன்னு உளவியல் அறிஞர் கார்ல் யுங் சொன்னது. அதை நம்பினா ஃபோனை ஒதுக்க காரணமே இல்லையே, நீங்க தட்டுற நொடியும் ஒரு நொடி தானே, அதுல வர்ற எண்ணும் அந்த நொடியோட சேர்ந்தது தானே. காகிதத்துல மட்டும் தற்செயலுக்கு அர்த்தம் இருக்கு, சிப்ல இல்லன்னு சொல்றது எனக்கு ஒட்டல.

பழமைன்னு பாத்தாலும், டாரட் 15ஆம் நூற்றாண்டுல இத்தாலியில விளையாட்டு சீட்டா தான் ஆரம்பிச்சுது, குறி பாக்க பரவலா பயன்படுத்த ஆரம்பிச்சது 18ஆம் நூற்றாண்டுல ஃப்ரான்ஸ்ல. காகிதமும் ஒரு காலத்துல வெறும் ஆட்டக் கருவி தான்.

கையில பிடிக்கும்போது மனசு அடங்குதுன்னு சொன்னீங்கன்னா அதை நான் ஒத்துக்கறேன், எனக்கும் அப்படி தான். அது கார்டு செய்யுறதில்ல, அந்த ரெண்டு மூணு நிமிஷம் செய்யுறது.

ஆப்ல எடுத்தா எப்பவும் தலைகீழ் கார்டா வருது, காதல்ல இவ்ளோ நெகட்டிவா?

செட்டிங்ஸ்ல ரிவர்ஸ் ஆன்ல இருக்கான்னு பாருங்க. ஆன்ல இருந்தா பெரும்பாலும் ஒவ்வொரு கார்டுக்கும் காசு சுண்டிவிடுற மாதிரி பாதிக்குப் பாதி. மூணும் நேரா வர்றது எட்டுல ஒரு தடவை தான். கையில கலைக்கும்போது எல்லாத்தையும் ஒரே பக்கமா அடுக்கி வச்சா தலைகீழ் அனேகமா வரவே வராது, யாராவது பாதி கட்டை திருப்பி விட்டாலோ மேஜையில பரப்பி குழப்பினாலோ தான் உண்டு. அதனால டெக்ல பழகினவங்க ஆப்புக்கு போனதும் வாழ்க்கையே கவுந்த மாதிரி தெரியும். எடுக்கறதுக்கு முன்னாடியே ரிவர்ஸ் படிக்கப் போறீங்களா இல்லையான்னு முடிவு பண்ணிடுங்க, கார்டை பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க.

ரெண்டுலயும் எடுத்தேன், ஆப் நல்லதா சொல்லுது, டெக் கெட்டதா சொல்லுது. எதை நம்ப?

முதல்ல எடுத்ததை. ரெண்டாவது எடுத்ததுக்கு பேரு மறுபடி தட்டுறது தான், கருவியை மாத்தினா மட்டும் அது வேற ஆகிடாது.

என் ஆப் ஒழுங்கா கலைக்குதா இல்ல டுபாக்கூரான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

கேள்வி எதுவும் மனசுல இல்லாம, சும்மா ஒரு மதியம் உக்காந்து ஒத்தை கார்டா 78 தடவை எடுங்க, வந்ததை எல்லாம் குறிச்சு வைங்க. ஒழுங்கான ஆப்னா சுமார் 49 வேற வேற கார்டு வரும், மூணு நாலு கூட குறைய இருக்கலாம். 22க்கு மேல ஏறவே இல்லன்னா அது மேஜர் ஆர்கானா மட்டும் வச்சிருக்கு. காதல் ஆப்னு வர்றதுல டவர், டெத், டெவில், த்ரீ ஆஃப் ஸ்வோர்ட்ஸ், டென் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் இந்த அஞ்சும் 78 தடவையில ஒரு தடவை கூட வரலன்னா சந்தேகப்படுங்க, நேர்மையான கட்டுல அப்படி நடக்க நூத்துக்கு ஒரு வாய்ப்பு கூட இல்ல. யாரோ கசப்பை வடிகட்டிட்டு தர்றாங்க.

அதே நாள் முழுக்க எத்தனை தடவை திறந்தாலும் ஒரே கார்டு வந்தா அது பழுது இல்ல, தேதியை வச்சு ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு பூட்டி வச்சிருக்காங்க. எனக்கு அந்த மாதிரி ஆப் தான் பிடிக்கும், பதினாலு தடவை தட்ட வழியே இல்ல. மூணாவது கார்டை மூடி வச்சுட்டு "திறக்க பணம் கட்டுங்க"ன்னு கேக்குற வகையை மட்டும் காதல் கேள்விக்கு தொடவே தொடாதீங்க, அந்த நேரத்துல நாம எதுக்கும் பணம் கட்டிடுவோம். கேள்வி எழுதுற கட்டம் இருந்தா அவரோட பேரை அதுல டைப் பண்ணாதீங்க, அது உங்க ஃபோனோட நிக்கணும்னு இல்ல. பேப்பர்ல எழுதுங்க, முடிஞ்சதும் கிழிச்சு போடுங்க.